பஹாலா நா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோஹாவில் கட்டடப் பராமரிப்பு வேலையில் பல வருடம் இருந்தேன். என் குழுவில் பாதிப் பேர் பிலிப்பினோக்கள். ஊருக்கு வந்த பிறகு, அங்கே போகிற தம்பிகளும் பிலிப்பினோக்களோடு கப்பலிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை செய்கிறவர்களும் இந்த ஒரு வார்த்தையைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கேட்டவற்றைக் கேட்டபடியே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

பஹாலா நா என்றால் என்ன? தமிழில் எப்படிச் சொல்லலாம்?

"பார்த்துக்கலாம்." இதைவிடக் கிட்டத்தில் வரும் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. பிலிப்பினோக்கள் பேசும் தகாலோக் மொழியில் 'பஹாலா' என்றால் பொறுப்பு, ஒன்றைக் கவனித்துக்கொள்ளும் கடமை. 'நா' என்பது இனி, இப்போது என்கிற மாதிரி ஒரு சின்ன ஒட்டு.

நம் 'பார்த்துக்கொள்' போலவே இதுவும் ஆளுக்குத் தகுந்தபடி திரும்பும். 'அகோ அங் பஹாலா' என்றால் நான் பார்த்துக்கிறேன். 'இகாவ் அங் பஹாலா' என்றால் நீயே பார்த்து முடிவு பண்ணு. 'தியோஸ் நா அங் பஹாலா' என்றால் கடவுள் பார்த்துப்பார். இந்த மூன்றிலும் பொறுப்பு யார் தலையில் என்பது வெளிப்படையாக இருக்கிறது. வெறும் 'பஹாலா நா'வில் மட்டும் ஆள் இல்லை. யார் பார்த்துக்கொள்வது? சொல்கிறவனா, கடவுளா, மேலதிகாரியா, அதிர்ஷ்டமா? வாக்கியம் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. இந்த வார்த்தையைப் பற்றி நடக்கும் சண்டை முழுக்க அந்தக் காலி இடத்தை யார் எதைப் போட்டு நிரப்புகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

இதே வேரிலிருந்து வரும் இன்னும் இரண்டு சொற்கள்: 'பமஹாலாஆன்' என்றால் அரசாங்கம், 'நபபஹாலா' என்றால் கவலைப்படுகிறான். பொறுப்பு, அரசாங்கம், கவலை மூன்றும் ஒரே வேர். அலட்சியத்துக்குப் பிறந்த சொல்லாக இது எனக்குத் தெரியவில்லை.

'பத்ஹாலா' என்கிற பழைய கடவுளின் பேரிலிருந்து வந்தது என்கிறார்களே?

பிலிப்பினோக்களே பலர் அப்படித்தான் சொல்வார்கள். ஸ்பானியர்கள் வருவதற்கு முன் தகாலோக் மக்கள் கும்பிட்ட பெரிய கடவுள் பத்ஹாலா. "பத்ஹாலா நா" என்பது தேய்ந்து "பஹாலா நா" ஆனது, அதாவது எல்லாம் கடவுள் கையில், என்பது கதை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சொல்லாராய்ச்சி செய்தவர்கள் இரண்டுக்கும் வேறு வேறு பிறப்பு காட்டுகிறார்கள். பத்ஹாலா, சமஸ்கிருத 'பட்டார' என்கிற மரியாதைச் சொல்லிலிருந்து வந்தது. நம் சமணக் கல்வெட்டுகளில் வரும் 'பட்டாரகர்' அதன் உறவு. பஹாலாவுக்கு அவர்கள் காட்டும் மூலம் 'பாரம்'. மலாய் வழியாகப் போய்ச் சேர்ந்த அதே பாரம்தான்.

அப்படியானால் நாம் "பாரத்தை அவன் மேல போட்டாச்சு" என்று சொல்வதும், மணிலாவில் ஒருவன் "பஹாலா நா" என்று சொல்வதும் வெவ்வேறு பாதையில் வந்த ஒரே சுமை. இதைப் படித்த அன்று எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ஒரு சொல் எங்கே பிறந்தது என்பதை வைத்து இன்றைக்கு அதைச் சொல்கிறவன் மனதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. கடவுள் பேரிலிருந்து வந்ததால் இது விதி நம்பிக்கை என்று வாதிடுகிறவர்கள் அந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள்.

அப்போ அது விதியே என்று உட்கார்ந்துவிடுவது இல்லையா? அப்படித்தானே படித்திருக்கிறேன்?

பல காலம் அப்படித்தான் எழுதினார்கள். 1968-இல் லின் பாஸ்ட்ரம் என்பவர் பிலிப்பைன்ஸின் சில்லிமான் பல்கலைக்கழக ஆய்விதழில் பஹாலா நாவையும் அமெரிக்கர்களின் விதி நம்பிக்கையையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். பிலிப்பினோ என்றால் எதையும் விதியின் மேல் போடுகிறவன் என்கிற பேச்சுக்கு அந்தக் காலத்தில் ஆதரவு நிறைய. அதற்கு முந்தைய ஸ்பானியர் காலத்திலேயே "இவர்கள் சோம்பேறிகள்" என்ற குற்றச்சாட்டு இருந்தது. 1890-இல் பிலிப்பினோ எழுத்தாளர் ஹோசே ரிசால் அதற்குப் பதிலாக ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார். சோம்பல் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, அது நாட்டின் சீர்கேட்டால் வந்த விளைவு, சீர்கேட்டுக்குக் காரணம் அது இல்லை என்று திருப்பிப் போட்டார்.

பஹாலா நாவை அப்படித் திருப்பிப் போட்டவர் அல்ஃப்ரெடோ லக்மாய். பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர், ஹார்வர்டில் பி. எஃப். ஸ்கின்னரிடம் படித்தவர். 1977-இல் அவர் தம் ஆய்வை வெளியிட்டார். "நீங்கள் விதியை நம்புகிறீர்களா?" என்று நேராகக் கேட்டால் யாரும் உண்மை பேச மாட்டார்கள், இல்லையா? அதனால் அவர் தெளிவில்லாத படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொல்லும் முறையை எடுத்துக்கொண்டார். படத்தில் இருப்பவன் யார், என்ன சிக்கலில் இருக்கிறான், என்ன செய்யப்போகிறான் என்பதைச் சொல்கிறவர் தம் மனதிலிருந்துதானே எடுத்துப் போட வேண்டும்.

அந்தக் கதைகளில் பஹாலா நா எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்தார். கையில் விவரம் குறைவு, பணமோ ஆள்பலமோ குறைவு, ஆனால் பின்வாங்கவும் முடியாது. அந்த இடத்தில் வருகிறது. வந்த பிறகு கதையில் இருக்கும் ஆள் படுத்துக்கொள்ளவில்லை. கிடைத்ததை வைத்துச் சமாளிக்க இறங்குகிறான். ஆகவே இது நிச்சயமில்லாத இடத்தில் வரும் உறுதி, கைக்குக் கிடைத்ததை வைத்து வழி உண்டாக்கும் திறமையோடு சேர்ந்தது என்றார் லக்மாய். அப்புறம் விர்ஜிலியோ என்ரிக்கஸ் தொடங்கிவைத்த 'சிக்கோலோஹியாங் பிலிப்பினோ' என்கிற உள்நாட்டு உளவியல் மரபு இதைத் தன் அடிப்படைப் பாடங்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. அவர்கள் பஹாலா நாவை வைத்திருக்கும் வரிசையில் பக்கத்திலேயே 'லகாஸ் நங் லோஓப்' இருக்கிறது. உள்ளத்தின் பலம், நம் 'நெஞ்சுரம்'.

லக்மாய் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா?

முக்கால்வாசி ஏற்கலாம். அவர் பார்வை வந்த காலம், வெளியார் எழுதிய இழிவுக்குப் பதில் சொல்ல வேண்டிய காலம். அந்த மரபில் வந்தவர்கள் ஒரு படி மேலே போய், பஹாலா நா என்று சொல்கிறவர் அதற்கு முன்பே தம்மால் ஆன தயாரிப்பை அனேகமாகச் செய்திருப்பார் என்று எழுதுகிறார்கள். அந்த 'அனேகமாக' என்கிற இடத்தில்தான் எனக்கு இடறுகிறது. சிலர் செய்திருப்பார்கள், சிலர் செய்திருக்க மாட்டார்கள். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள். படம் பார்த்துச் சொன்ன கதையில் நாயகன் துணிச்சல்காரனாக இருப்பது சுலபம். ஏணி மேல் நிற்கிறவனுக்கு அது வேறு.

நான் கத்தாரில் பிலிப்பினோக்களோடு வேலை செய்கிறேன். ஒருத்தர் வேலைக்கு நடுவில் "பஹாலா நா" என்றால் நான் பயப்படணுமா?

நான் கண்ணால் பார்த்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

ஒரு பழைய கட்டடத்தில் மின்பலகை மாற்ற வேண்டும். வரைபடம் இல்லை, கட்டினவர்களும் இல்லை. எங்கள் மூத்த எலெக்ட்ரீஷியன், எல்லோரும் 'குயா' என்று கூப்பிடுவோம், அண்ணன் என்று அர்த்தம். அவர் முதலில் மெயினை இறக்கினார். அதில் பூட்டுப் போட்டுத் தம் பேர் எழுதின அட்டையைத் தொங்கவிட்டார், சாவி தம் பையில். டெஸ்டரை எடுத்து, கரண்ட் இருப்பது தெரிந்த இன்னொரு பாயிண்டில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்தார். அப்புறம் இந்தப் பலகையில் வைத்துப் பார்த்தார். மறுபடி அந்த முதல் பாயிண்டில் வைத்து டெஸ்டர் நடுவில் செத்துப்போகவில்லை என்று உறுதி செய்தார். பலகையை நாலு பக்கமும் போனில் படம் எடுத்தார். ஒவ்வொரு வயரிலும் வெள்ளை டேப் சுற்றி எண் எழுதினார். இதற்கே ஒன்றரை மணி நேரம். கடைசியில் இரண்டு வயர்கள் எங்கே போகின்றன என்று மட்டும் தெரியவில்லை. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "பஹாலா நா" என்று சொல்லி முதல் வயரைக் கழற்றினார்.

இன்னொரு நாள், வேலைக்குப் புதிதாக வந்த பையன். தொங்கு கூரைக்கு மேலே ஒரு விளக்கு எரியவில்லை. சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏணியில் ஏறினான். பிரேக்கரை இறக்கினாயா என்று கீழிருந்து கேட்டேன். சிரித்துக்கொண்டே "பஹாலா நா, சார்" என்றான். அந்த விளக்குக்கு வேறொரு லைனிலிருந்தும் இணைப்பு இருந்திருக்கிறது. ஷாக் அடித்து ஏணியிலிருந்து விழுந்தான்; மணிக்கட்டு உடைந்தது. அதோடு போனது.

வார்த்தை ஒன்றுதான். குயா சொன்னது, தெரிந்துகொள்ள முடிந்ததையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு மிச்சம் இருந்த இருட்டைப் பார்த்து. பையன் சொன்னது, ஒரு நிமிடத்தில் தெரிந்துகொண்டிருக்கக்கூடியதைத் தெரிந்துகொள்ளாமல் விடுவதற்காக. அதனால் நீங்கள் கேட்க வேண்டியது: இதற்கு முன்னால் என்ன செய்தாய்? சொதப்பினால் அடுத்து என்ன செய்வாய்? குயாவிடம் கேட்டிருந்தால் இரண்டுக்கும் பதில் இருந்திருக்கும். பதிலுக்குச் சிரிப்பு மட்டும் வந்தால் வேலையை நிறுத்துங்கள்.

இன்னொன்றும் உண்டு, இதை மேற்பார்வையாளர்கள் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பையனிடம் பிறகு ஆஸ்பத்திரியில் பேசினேன். பிரேக்கர் எந்த அறையில் இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது. கேட்க வெட்கம். வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவேனோ என்று பயம். இந்த வெட்கத்துக்கும் அவர்களிடம் 'ஹியா' என்று தனிச் சொல் இருக்கிறது, அதன் பிடி ரொம்பப் பலம். பல நேரம் பஹாலா நா என்பது, "எனக்குத் தெரியாது, கேட்கவும் கூச்சமாக இருக்கிறது" என்பதன் மேல் போர்த்தின துணி. பிரேக்கர் அறையை முதல் நாளே காட்டாதது என் தப்பு.

புயல் வரும்போதும் பஹாலா நா என்று வீட்டிலேயே இருந்துவிடுவதால்தான் அங்கே இவ்வளவு சாவு என்கிறார்களே?

இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் 2013 நவம்பர் 8-ஐ மனதில் வைத்துச் சொல்கிறார்கள். அன்று அதிகாலையில் ஹையான் புயல் கிழக்கு சமார் மாகாணத்தில் கரை ஏறியது. அவர்கள் அதை 'யோலாண்டா' என்பார்கள். காலையிலேயே பக்கத்து லெய்த்தே தீவின் தக்லோபான் நகரத்துக்குள் கடல் புகுந்தது. அரசுக் கணக்கில் 6,300 பேர் இறந்தார்கள்.

எச்சரிக்கை வந்ததா? வந்தது. கடல் 7 மீட்டர் வரை உயரலாம் என்று வானிலைத் துறை முன்கூட்டியே சொன்னது. ஆனால் எந்த வார்த்தையில்? 'ஸ்டார்ம் சர்ஜ்' என்ற ஆங்கிலத் தொடரில். தக்லோபானில் வீட்டுப் பேச்சு வாராய் மொழி. அந்தத் தொடர் என்ன என்று பலருக்குப் புரியவில்லை. சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வருடத்துக்கு இருபது புயல் வட்டமிடும் நாடு அது. காற்றும் மழையும் பழக்கம். கூரை பறக்கும், மறுநாள் ஆணி அடிப்போம் என்கிற கணக்கில், பெண்களையும் பிள்ளைகளையும் அனுப்பிவிட்டு வீட்டைக் காக்க ஆண்கள் தங்கிவிட்ட குடும்பங்கள் உண்டு. போனவர்களிலும் சிலர் தப்பவில்லை, ஏனென்றால் காற்றுக்குத் தாங்கும் என்று தேர்ந்தெடுத்த சில முகாம்களுக்குள்ளேயே கடல் வந்துவிட்டது.

இதில் பஹாலா நா என்று எத்தனை பேர் வாய்விட்டுச் சொன்னார்களோ, சொல்லியிருப்பார்கள்தான். ஆனால் அவர்கள் துணிந்தது காற்றுக்கு, கொன்றது தண்ணீர். எந்த ஆபத்து என்று தெரியாதவனிடம் போய், நீ ஆபத்தை அலட்சியம் செய்தாய் என்று சொல்வது நியாயமா?

பதின்மூன்று மாதம் கழித்து, 2014 டிசம்பரில், அதே கிழக்கு சமாரில் ஹகுபிட் புயல் கரை ஏறியது. இந்த முறை தண்ணீர் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முன்கூட்டியே வெளியேறினார்கள். இறந்தவர்கள் இருபது பேருக்குள். இந்தப் புயல் முந்தையதைவிட வலு குறைந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அதே ஜனம், அதே மதம், நாக்கில் அதே வார்த்தை. விதியே என்று கிடக்கிற குணம் ரத்தத்தில் இருந்தால் ஒரு வருடத்தில் எங்கே போனது?

அப்படியென்றால் இது எப்போதுமே நல்ல வார்த்தைதான் என்கிறீர்களா?

இல்லை. ஏணிப் பையன் தன் மணிக்கட்டைத்தான் பணயம் வைத்தான். அடுத்தவன் உயிரைப் பணயம் வைத்துவிட்டுப் பார்த்துக்கலாம் என்கிறவர்கள் இருக்கிறார்கள்.

1987 டிசம்பர் 20, கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன்பு. 'தோன்யா பாஸ்' என்ற பயணிகள் கப்பல் அதே தக்லோபானிலிருந்து மணிலாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஏற்ற அனுமதி சுமார் 1,500 பேர். பயணிகள் பட்டியலிலும் ஏறத்தாழ அவ்வளவுதான் பேர் இருந்தது. உண்மையில் ஏறியவர்கள் 4,000-க்கும் மேல். இரவில் தப்லாஸ் நீரிணையில் 'வெக்டார்' என்ற எண்ணெய்க் கப்பலோடு மோதியது. எண்ணெய் தீப்பிடித்துக் கடலே எரிந்தது. இரண்டு கப்பலிலும் சேர்த்துப் பிழைத்தவர்கள் 26 பேர். வெக்டார் கடலில் போகவே தகுதி இல்லாத நிலையில் இருந்தது என்று பிறகு அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே சொன்னது.

பண்டிகைக்கு வீடு போய்ச் சேர வேண்டுமே என்று நெரிசலில் ஏறின அம்மா பஹாலா நா என்று சொல்லியிருப்பாள். அவளுக்கு வேறு கப்பல் இல்லை. பட்டியலில் இல்லாத ஆட்களை ஏற்றினவர்களும், தகுதியில்லாத கப்பலை ஓடவிட்டவர்களும் மனதுக்குள் அதையேதான் சொல்லியிருப்பார்கள். 'பஹாலா' என்றால் பொறுப்பு என்று முதலிலேயே பார்த்தோமே. அது யாருடைய வேலையோ அவர்கள்தான் அதைக் கீழே போட்டார்கள். இந்த இரண்டு பஹாலா நாவையும் ஒரே தராசில் வைத்து 'பிலிப்பினோ குணம்' என்று பேர் சூட்டுகிற எழுத்தைப் படித்தால் எனக்குக் கோபம் வரும்.

கடவுள் நம்பிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா?

இருக்கிறது. பெரும்பாலானவர்கள் கத்தோலிக்கர்கள், குயா சிலுவை போட்டதைச் சொன்னேனே. ஆனால் அவர்களிடமே ஒரு பழமொழி இருக்கிறது: "நசா தியோஸ் அங் அவா, நசா தாவோ அங் கவா." கருணை கடவுளிடம், காரியம் மனிதனிடம். குயாவிடம் சிலுவை எதற்கு, பூட்டுதான் போட்டாயிற்றே என்று ஒருமுறை கிண்டலாகக் கேட்டேன். "பூட்டு எனக்குத் தெரிஞ்ச வயருக்கு, சிலுவை தெரியாத வயருக்கு" என்றார்.

"பஹாலா நா சி பேட்மேன்" என்று ஒருத்தன் சொன்னான். பேட்மேன் எங்கே வந்தார்?

கடவுள் பார்த்துப்பார் என்பதில் கடவுளை எடுத்துவிட்டுப் பேட்மேனைப் போட்ட வேடிக்கை, அவ்வளவுதான். பரீட்சைக்குப் படிக்காமல் போகும் பிள்ளைகள் நிறையச் சொல்வார்கள். தன் அசட்டுத் தைரியத்தைத் தானே கேலி செய்துகொள்வது.

இது ஒரு ராணுவப் படையின் முழக்கம் என்றும் கேள்விப்பட்டேன், ஜெயில் கும்பலின் பேர் என்றும் கேள்விப்பட்டேன். எது சரி?

இரண்டுமே. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவில் குடியேறியிருந்த பிலிப்பினோக்களைச் சேர்த்து ஓர் உளவுப் படைப்பிரிவு அமைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் பயிற்சி பெற்று, நீர்மூழ்கிக் கப்பலில் போய், ஜப்பானியர் பிடித்துவைத்திருந்த சொந்த நாட்டின் கரையில் இரவில் இறங்கிச் செய்தி அனுப்புவது அவர்கள் வேலை. அவர்களுடைய முழக்கம் பஹாலா நா. வானொலி, காட்டுப் பிழைப்பு என்று மாதக்கணக்கில் படித்துவிட்டுப் போனவர்கள் சொன்னது என்பதை மறக்காதீர்கள்.

ஜெயில் கும்பல், மணிலாவுக்குத் தெற்கே முந்தின்லூபாவில் உள்ள பெரிய சிறையில் பேர்பெற்றது. பேரே 'பஹாலா நா'. அவர்கள் உடம்பில் குத்திக்கொள்ளும் அடையாளம் ஒரு கேள்விக்குறி. லக்மாயின் கட்டுரையைவிட அந்தப் பச்சைக்குத்து எனக்குச் சீக்கிரம் புரிந்தது.

நான் இந்த வார்த்தையை அவர்களிடம் சொல்லலாமா? தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

தாராளமாகச் சொல்லலாம், சந்தோஷப்படுவார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. 'பஹாலா நா'வையும் 'பஹாலா கா'வையும் மாற்றிவிடாதீர்கள். 'கா' என்றால் நீ. 'பஹாலா கா' என்பது சாதாரணமாகச் சொன்னால் உன் இஷ்டம். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னால் "எக்கேடோ கெட்டுப் போ, உன் பாடு". நான் முதல் மாதத்தில் குயா ஓவர்டைம் பார்க்கவா என்று கேட்டதற்கு, மொழி தெரிந்த பெருமையில் சிரித்துக்கொண்டே "பஹாலா கா, குயா" என்றேன். பெரியவரிடம் மரியாதைக்குச் சேர்க்க வேண்டிய 'போ'வையும் சேர்க்கவில்லை. அன்று சாயங்காலம் வரை அவர் என்னிடம் பேசவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்துதான் மெதுவாகச் சொன்னார்: "இனிமே 'கயோ போ அங் பஹாலா'ன்னு சொல்லு. நீங்க பார்த்துக்கோங்கன்னு அர்த்தம்."